வண்டியை அனுப்பு, ரேட்டு பேசிக்கலாம்

எங்கள் சங்கச் செயலாளரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நான் நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள்.

திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில் இருக்கிறது எங்கள் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம். ஒரு குடோன், ஒரு எடைத்தராசு, ஒரு ஆபீஸ் அறை. நான் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். பி.காம் படித்த ஆபீஸ் உதவியாளர். உறுப்பினர்கள் கொண்டுவரும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, மொத்தமாக விற்றுக்கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. வாங்குகிறவர்களிடம் பேசுவது செயலாளர். அவருக்கு ஆபீஸ் என்பது அவருடைய போன்தான்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். புதுச்சேரியில் ஒரு எண்ணெய் மில் எங்களிடம் வாங்கப் பார்த்திருக்கிறது. கடைசியில் அவர்களுடைய கொள்முதல் அதிகாரி, "வாய்ஸ் மெசேஜ் வச்சி எங்க ஆபீஸ்ல அப்ரூவல் வாங்க முடியாதுங்க, எழுத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டாராம். இனிமேல் செயலாளர் அனுப்புகிற செய்திகளை ஒழுங்கான இருப்பு, விலை அறிவிப்பாக மாற்றி எல்லா வியாபாரிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவேண்டும். அதை நான் செய்யவேண்டும் என்றார்.

செயலாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். முகம் வேப்பெண்ணெய் குடித்தமாதிரி இருந்தது.

வியாபாரிகளுக்குப் போகவேண்டியது என்று அவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி இது: "அண்ணே வணக்கம். காய் சூப்பரா வந்துக்கினு இருக்கு. எரநூறு மூட்ட வந்துரும். வண்டிய ஜல்தியா அனுப்பு, ரேட்டு பேசிக்கலாம். மத்தவங்களும் கேட்டுக்கினு கீறாங்க."

"சார், எரநூறு மூட்டை குடோன்ல இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"வந்துரும்னு சொல்றேன் இல்ல."

"இப்ப எத்தனை இருக்குதுங்க?"

"நீ என்ன ஆடிட்டரா? வந்துரும்மா. எழுது."

நானே குடோனுக்குப் போய் எண்ணிக்கொண்டு வந்தேன். கையில் இருந்தது நூற்றுப்பத்து. மிச்சம் இன்னும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அறிவிப்பில் இரண்டு வரியாகப் போட்டேன். கையிருப்பு: நூற்றுப்பத்து மூட்டை, மூட்டை நாற்பது கிலோ. எதிர்பார்ப்பு: சுமார் தொண்ணூறு மூட்டை, காய்ந்து வந்தபின் உறுதி செய்யப்படும். அதற்குக் கீழே மற்றவை. ஈரப்பதம் எட்டு சதவீதத்துக்குள். நூறு கிலோ உரித்தால் பருப்பு எழுபது கிலோ. எடை சங்கத்தின் தராசில். ஏற்றுகூலி வாங்குபவர் பொறுப்பு. விலை குவிண்டாலுக்கு இவ்வளவு, நாளை மாலை ஐந்து மணி வரை மட்டும். முன்பணம் வரும் வரிசையில் சரக்கு ஒதுக்கப்படும்.

விலையை நானாகப் போடவில்லை. தலைவரும் செயலாளரும் இரண்டு இயக்குநர்களும் உட்கார்ந்து, முந்தின நாள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் போன விலையைப் பார்த்து முடிவு செய்து கையெழுத்துப் போட்டது. செயலாளர் அந்தக் கையெழுத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டார்.

"ரேட்ட எழுத்துல போட்டா அவன் அங்கேர்ந்து கொறைக்கத்தான் பாப்பான். யாவாரம் தெரியுமா உனக்கு?" என்றார் என்னிடம். கொஞ்சம் நிறுத்தி, "உங்கம்மா மல்லாட்ட ஆயப் போனவங்கதானே?" என்று சேர்த்துக்கொண்டார்.

செடியிலிருந்து காயைப் பிய்த்தெடுப்பதைத்தான் ஆய்வது என்போம். என் அம்மா முப்பது வருஷம் அடுத்தவர் நிலத்தில் அதைச் செய்தவள். எங்கள் தெரு எது, அவர் தெரு எது என்பதை எனக்கு ஞாபகப்படுத்துவதற்காக அவர் கேட்டார். "ஆமாங்க. எங்கம்மா ஆயலன்னா உங்க காய் மண்ணுலதாங்க கெடந்திருக்கும்" என்றேன்.

வியாபாரிகளுக்கும் அறிவிப்பு பிடிக்கவில்லை. ஏன் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "ரேட்டு பேசிக்கலாம்" என்றால் லாரி குடோன் வாசலுக்கு வந்தபிறகு பேசுவது என்று அர்த்தம். வந்த ஆள் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பான், இரண்டு காயை உடைத்து வாயில் போடுவான், ஈரம் என்பான், தூசி என்பான், மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பான். லாரி வாசலில் நிற்கும்போது திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வராது. செயலாளர் பதிலுக்கு ஒரே சரக்கை மூன்று பேரிடம் உனக்குத்தான் என்று சொல்லிவைப்பார். முதலில் வந்தவனுக்குச் சரக்கு, மற்றவனுக்கு மழை வந்துவிட்டது என்று ஒரு பொய். இரண்டு பக்கமும் ஏமாற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் இதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

விழுப்புரத்து வியாபாரி ஒருவர் எனக்கே போன் செய்தார். சங்கத்தில் நெடுநாளாக வாங்குகிறவர். "என்னாம்மா, லாயர் நோட்டீஸ் மாரி அனுப்பிக்கினு கீற? நாங்கல்லாம் வாய்வார்த்தைல யாவாரம் பண்றவங்க" என்று கத்திவிட்டு, என் பதிலைக் கேட்காமல் வைத்துவிட்டார்.

புதுச்சேரி மில் மட்டும் பதில் எழுதியது. கையிருப்பு முழுவதையும் அறிவிப்பில் உள்ள விலைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, முன்பணமும் அனுப்பியது. நான் ஒதுக்கீட்டுக் கடிதம் அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் லாரி வரும் என்றார்கள். மில் ஒருமுறை வந்து எடுத்துப்போனால் அடுத்த அறுவடைக்கும் வருவார்கள். வராமல் போனால் அறிவிப்பும் போகும், அதோடு நானும் போவேன். தலைவரே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே குடோன் வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. புதுச்சேரி லாரி இல்லை. விழுப்புரத்து வியாபாரி வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நின்றிருந்தார். மூட்டை ஏற்றும் ஆட்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரம் பார்க்கக் காய் கொண்டுவந்த உறுப்பினர்கள் பத்துப் பதினைந்து பேர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கேட் பாஸ் போடு" என்றார் செயலாளர்.

"யார் பேருக்குங்க?"

"கண்ணு தெரியல? அண்ணன் வந்துகிறாரு."

"அது மில்லுக்கு ஒதுக்கின சரக்குங்க. முன்பணம் வந்திடுச்சி."

"திருப்பிப் போட்டுக்கலாம். மழைன்னு சொல்லு."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கேட் பாஸ் இல்லாமல் ஒரு மூட்டையும் வெளியே போகாது. நான் அந்தப் புத்தகத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். செயலாளர் வாடி போடி என்று திட்ட ஆரம்பித்தார். என் வேலையில் ஆரம்பித்து என் தெருவரைக்கும் போனார். நானும் சும்மா இருக்கவில்லை. அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

சத்தம் கேட்டு உறுப்பினர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். வியாபாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன்னைப் பொய்யன் என்று நினைக்கிறார்களே என்று. "செக்ரட்ரி வாக்கு குடுத்துதான் நான் வண்டி எடுத்தாந்தேன். இந்தா, நீங்களே கேளுங்க" என்று போனை உயர்த்திப் பிடித்து, செயலாளர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டார்.

"அண்ணே, அந்த நோட்டீஸ கண்டுக்காத. அது அந்தப் பொண்ணு டைப் அடிச்சிக்கினு கெடக்கட்டும். நீ ஜல்தியா வண்டிய அனுப்பு. அதுல போட்டுக்கிறதுல குவிண்டாலுக்கு நூறு கொறச்சிக்க. என்னிய எப்பவும் போல பாத்துக்க."

செயலாளர் போனைப் பிடுங்கப் பாய்ந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

வல்லம் பக்கத்தில் ஒரு ஏக்கர் பயிரிடுகிற அம்மா ஒருவர் முன்னால் வந்தார். "இன்னொரு வாட்டி போடு சாமி" என்றார். வியாபாரி, அந்த அம்மா தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி இன்னொரு தடவை போட்டார்.

"நோட்டீஸ்ல எவ்ளோ போட்டிருந்திச்சி?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் திரும்பிச் செயலாளரைப் பார்த்தார்.

"எப்பவும் போலன்னா எத்தினி வருஷமாடா?"

"யாவாரத்துல அப்பிடி இப்பிடி பேசுறதுதான்..." என்று செயலாளர் இழுத்தார். மேற்கொண்டு பேச யாரும் விடவில்லை. இரண்டு பேர் லாரிக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார், பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார். வியாபாரி காலி லாரியோடு கிளம்பினார். போகும்போதும் என்னைத்தான் முறைத்தார். மத்தியானம் புதுச்சேரி லாரி வந்து அறிவிப்பில் இருந்தபடியே எடைபோட்டு ஏற்றிக்கொண்டு போனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தால் என்னைவிட முட்டாள் யாரும் இல்லை. சாயங்காலம் உறுப்பினர்களையும் கூட்டி நடந்த கூட்டத்தில் தலைவர் என் மேல்தான் பழியைப் போட்டார். "இந்த நோட்டீசாலதான் வெளியில மானம் போச்சி. கொஞ்ச நாளிக்கி நிறுத்தி வெப்போம்" என்றார். செயலாளர் அவருக்குப் பங்காளி முறை. நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். அழுகை வந்தது. அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வல்லத்து அம்மா எழுந்து நின்றார். "நிறுத்தறதா? வாங்குறவனுக்கெல்லாம் அனுப்பறீங்களே, காய் போட்ட எங்களுக்கு ஒரு நோட்டீஸ் எங்கய்யா?"

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் தீர்மானம் எழுதவேண்டியதாயிற்று: விலை அறிவிப்பு, வியாபாரிகளுக்குப் போவதற்கு முன்னால், செயலாளர் கையெழுத்தோடு குடோன் கதவில் ஒட்டப்படும். செயலாளரை மாற்றவேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அது நடக்கவில்லை. அவர் இன்றைக்கும் செயலாளர்தான். என்னோடு பேசுவதில்லை. கையெழுத்துப் போட்ட தாளை மேஜையில் வீசிவிட்டுப் போவார்.

முதல் அறிவிப்பை நான் கதவில் ஒட்டிய காலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படித்தார். விலை வந்ததும் எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள். ஏன் இவ்வளவுதான், நேற்று விற்பனைக்கூடத்தில் என்ன போனது, ஈரம் எட்டு என்று யார் பார்த்தது, எழுபது கிலோ பருப்பு என்றால் என் காய்க்கு எழுபத்திரண்டு வருமே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். வல்லத்து அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினார். செயலாளர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் கையில் பசையோடு நடுவில் நின்றேன். இத்தனை வருஷமாக அந்தக் கதவு வழியாகக் காயைக் கொண்டுவந்து கொட்டியவர்கள், விலை என்ன என்று கேட்டு அதற்காகச் சண்டை போட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன்.