கறுப்பு ரவிக்கைப் பக்கம்

மலேசியாவில், ஈப்போவில் அக்கா ஒருத்தியின் ஆன்லைன் கடைக்கு நான்தான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். ரெடிமேட் பட்டு ரவிக்கைகள். அக்கா சித்தியவான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். பேக்டரி வேலையை விட்டுவிட்டு இரண்டு தையல் மிஷினோடு ஆரம்பித்தவள். "இந்தத் தீபாவளி ஓடலன்னா மறுபடியும் பேக்டரிதான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒவ்வொரு டிசைனிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிப் பக்கம். மொத்தம் கிட்டத்தட்ட நாலாயிரம். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, ஒரே விவரம். கூகுள் எதைக் காட்டுவது என்று தெரியாமல் தனக்குத் தோன்றிய ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. சிவப்பைத் தேடினால் நீலம் வரும்.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியாததல்ல. அளவுப் பக்கங்களில் அந்தந்த நிறத்தின் பக்கமே அசல் என்று குறித்து, நிறத்துக்கு நிறம் தலைப்பையும் விவரத்தையும் தனியாக எழுத வேண்டும். சனங்கள் நிறம் சொல்லித்தானே தேடுகிறார்கள்! ஆனால் எனக்குச் சோம்பல். டிசைனுக்கு ஒரு பக்கத்தை மட்டும் மூலப் பக்கமாக வைத்து, மற்ற எல்லாப் பக்கங்களிலும் 'அதுதான் அசல்' என்று கூகுளுக்குச் சொல்லும் வரியைப் போட்டேன். எந்தப் பக்கம்? பட்டியலில் முதலில் நிற்பது. நிறங்களை இங்கிலீஷ் எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தேன். முதலில் நின்றது ப்ளாக், கறுப்பு. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் அக்கா போனை நீட்டினாள்.

"என்னா லா இது, தம்பி? எந்த டிசைனத் தேடினாலும் கறுப்பாவே வருது. நம்ம ஆளுங்க தீபாவளிக்குக் கறுப்பு போடுவாங்களா?"

போனை வாங்கித் தேடிப் பார்த்தேன். மற்ற நிறங்கள் ஒவ்வொன்றாகத் தேடலிலிருந்து உதிர்ந்திருந்தன. சொன்னதைக் கேட்டுக்கொண்டது கூகுள், அவ்வளவுதான். ஆர்டர் நின்றுபோயிருந்தது.

அன்றே உட்கார்ந்து திருத்தினேன். நிறப் பக்கம் ஒவ்வொன்றும் தன்னையே அசல் என்று சொல்லும்படி மாற்றினேன். தலைப்பில் நிறம், விவரத்தில் அந்த நிறத்துச் சரிகையும் எந்தப் புடவைக்குப் பொருந்தும் என்பதும். எழுதி எழுதிக் கண் எரிந்தது.

"இப்ப சரியாயிருச்சா?" என்றாள் அக்கா.

"நாம சரி பண்ணிட்டோம் அக்கா. கூகுள் மறுபடி வந்து எல்லாப் பக்கத்தையும் பாக்கணும். அது எப்ப வரும்னு நம்மால சொல்ல முடியாது."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தைத்து வைத்த சிவப்பு ரவிக்கைகளைப் பெட்டியில் மடித்து வைக்கத் தொடங்கினாள். நானும் கூட நின்று மடித்தேன்.

தீபாவளி போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் தேடிப் பார்த்தேன். சிவப்பு பட்டு ரவிக்கை, முதல் வரியிலேயே எங்கள் பக்கம். பாவி, இப்போது வந்து நிற்கிறது! அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. ஷிப்ட் நேரத்தில் பேக்டரிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.