தோளில் விழுந்த நீலம்

திருப்பூர் அருள்புரம் மெயின் ரோட்டில், பேக்கரிக்கு மேல்மாடியில், ஒற்றை அறையில் கடை போட்டிருக்கிறாள் சித்ரகலா. பனியன் கம்பெனிகளுக்குக் கேட்லாக், அட்டைப்பெட்டி, ஹேங்கரில் தொங்கும் லேபிள் எல்லாவற்றுக்கும் படம் திருத்தித் தருவதுதான் தொழில். போர்டில் ‘டிசைன் ஸ்டுடியோ’ என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், இரண்டு நாற்காலி. ஸ்டுடியோ என்று எழுத யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை அல்லவா?

அதற்கு முன் பதினைந்து வருடம் அவள் ஒரு சாயப்பட்டறையின் லேபில் இருந்தாள். துணி வாங்குகிற பையர் அனுப்பிய துண்டுத் துணியையும் பட்டறையில் முக்கியெடுத்த துணியையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அந்தப் பெட்டியில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு பல்பு என்று விதவிதமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளை போல இருக்கும் இரண்டு துணி, மறு வெளிச்சத்தில் ஒன்றையொன்று தெரியாதது போல நிற்கும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவள் என்று அவளுக்குப் பேர். அவள் தள்ளிவிட்ட துணிக்காகக் கண்ணீர் விட்ட முதலாளிகள் உண்டு. அவர்களில் ஒருவன்தான் பெருமாநல்லூர் சிவபிரகாஷ்.

லேபை விட்டுத் தனிக்கடை வைக்கிறேன் என்று அவள் சொன்னபோது, கூட வேலை பார்த்த வேலுமணி சிரித்தான். "கோயமுத்தூர்ல ஆயிரம் பேரு இருக்கறானுங்க. இங்க யாரும்மா உங்களத் தேடி வருவாங்க? ஒரு வருசம் பாருங்க. உங்க சேரு இங்கயே கெடக்கும்" என்றான். அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஒரு வருசத்துல ஒரு முழுக் கேட்லாக் புடிக்கலீன்னா, நானே வந்து உக்காந்துக்கறேன்" என்று வாயை விட்டுவிட்டாள். நாற்காலி முதுகில் அவள் போட்டிருந்த பூத்துண்டைக்கூட எடுக்காமல் வந்தாள். எடுத்தால் பந்தயத்துக்குப் பயந்துவிட்டதாக அர்த்தமாம்! அந்த ஒரு வருடம் இந்தத் திங்கட்கிழமையோடு முடிகிறது. இதுவரை வந்ததெல்லாம் லேபிளும் அட்டைப்பெட்டியும்தான்.

அப்படிப்பட்ட வாரத்தில்தான் சிவபிரகாஷ் படியேறி வந்தான். அவனுடையது குழந்தைகள் உடுப்பு. போன வருடம் ‘மிட்டாய்க்கடை’ என்று பிராண்டுக்குப் பெயர் வைத்து, குடோனில் செங்கல் சுவர் எழுப்பி, அதில் ரோஜா நிறத்தில் நியான் எழுத்து மாட்டி, அதன் கீழே தன் மகள் பூங்குழலியை வெள்ளை டீ-ஷர்ட்டில் நிறுத்திப் படம் எடுத்திருந்தான். படம் பிரமாதமாக வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்திருப்பது தெரிந்தது. இப்போது பிராண்டின் பெயர் ‘சிட்டு’. நிறமும் ரோஜா இல்லை, இளநீலம்.

"மறுபடியும் போட்டோ எடுத்தர்லாமுங்களே தம்பி?" என்றாள் சித்ரகலா.

"எங்கீங்க்கா எடுக்கறது? பாப்பாளுக்கு முன்பல்லு ரெண்டும் உளுந்துருச்சு. சிரிச்சாள்னா கேட்டு தொறந்த மாதிரி இருக்குது. மொளைக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சுரும்" என்றான் அவன். "பழைய படத்துலயே பேர மாத்தச் சொல்லி ஒரு பையன்கிட்ட குடுத்தனுங்க. எழுத்து மட்டும் ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்குது. ஷேடு பாக்கறதுக்கு உங்கள உட்டா ஆள் இல்லீன்னு வந்தேன். இது சரியா வந்தா எக்ஸிபிஷன் ஸ்டாலுக்கு இதுதான். கேட்லாக் மொத்தமும் உங்களுக்குத்தானுங்க."

முழுக் கேட்லாக்! சித்ரகலாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை. "பாக்கலாமுங்க" என்றாள், பெரிய மனுஷி போல.

சுவர் வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் பழைய எழுத்தையும் அது சுவரில் பரப்பிய ரோஜா வெளிச்சத்தையும் துடைத்தெடுத்தாள். எழுத்தை மட்டும் அழித்துவிட்டு வெளிச்சத்தை விட்டுவைத்தால், ஆள் போன பிறகும் நிழல் நிற்கிற கதைதான். சுவரின் இருண்ட மூலையிலிருந்து செங்கல்லை எடுத்து, வரிசை பிசகாமல் ஓட்டையை அடைத்தாள். பிறகு ‘சிட்டு’ என்று குழாயை வரைந்தாள். குழாயின் நடுப்பகுதி நீலமாக இருக்கக் கூடாது, கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்க வேண்டும். எரிகிற குழாயை கேமரா அப்படித்தான் பார்க்கும். நீலம் அதன் ஓரத்தில்தான் தெரியும். குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் சின்ன கிளிப், கீழே தொங்கும் ஒயர், எதையும் விடவில்லை. குழாய்க்கு நேர் பின்னால் சுவர் பளிச்சென்று இருந்து, தள்ளிப்போகப்போக மங்க வேண்டும். புதுப்பெயர் சின்னது, அதனால் முன்பு வெளிச்சமாக இருந்த சுவரின் இரண்டு ஓரமும் இப்போது இருட்டுக்குப் போனது.

இன்னொரு சூட்சுமமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ரோஜா வெளிச்சத்தில் செங்கல் ஜொலிக்கும். நீல வெளிச்சத்தில் அதே செங்கல் கறுத்துப்போகும். சிவப்புத் துணியை நீல விளக்கில் பிடித்துப் பார்த்தவளுக்கு இது புதிதா? ஆகவே நீலத்தைச் சுவர் முழுக்க வழித்துப் பூசாமல், செங்கல்லை மங்கலாக விட்டு, இடையிலுள்ள சிமெண்ட் வரிகளில் மட்டும் நீலம் நன்றாகத் தெரியும்படி செய்தாள்.

எல்லாம் சரி. பிறகு டீ-ஷர்ட்டுக்கு வந்தாள். வெள்ளைத் தோள்பட்டையில் ஒரு ரோஜாக் கறை! அதைப் பார்த்ததும் பதினைந்து வருடத்துக் கை சும்மா இருக்குமா? வெள்ளையில் ரோஜா ஏறினால் திருப்பூரில் அதற்குப் பெயர் சாயம் இறங்கிவிட்டது என்பதுதான். அந்தத் துணி கம்பெனி கேட்டைத் தாண்டாது. சுத்தமாகத் துடைத்து, சிவபிரகாஷ் கொடுத்த சாம்பிள் துணிக்கு இம்மி பிசகாத பால்வெள்ளையை நெஞ்சிலிருந்து தோள் வரை ஒரே சீராகக் கொண்டுவந்தாள். கன்னத்து ஓரமும் காதும் ரோஜாவாக இருந்தன. குழந்தைக்கு என்னமோ ஒவ்வாமை என்று பையர் நினைத்துக்கொள்வானே என்று அதையும் துடைத்தாள். பிறகு கீழே போய் ஒரு தேங்காய் பன் சாப்பிட்டாள். தனக்குத் தானே விருது கொடுத்துக்கொள்வது அவள் வழக்கம்.

சிவபிரகாஷ் செல்போனில் பார்த்துவிட்டு, "ஷேடு அச்சு அசலுங்க்கா!" என்று குதித்தான். ஆனால் ஆள் உயரத்துக்கு மாதிரி அச்சடித்துத் தொங்கவிட்டபோது அந்தக் குதியெல்லாம் இறங்கிவிட்டது. மறுநாள் காலை போன் வந்தது.

"என்னமோ ஒட்டலீங்க்கா. என்னன்னு சொல்லத் தெரியல. பாப்பா பாத்துட்டு, ‘அப்பா, என்னைய வெட்டி ஒட்டீட்டாங்க’ங்குது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ண முடியுங்களா? இல்லீனா ஸ்டாலுக்கு வெறும் பேரு மட்டும் போட்டுக்கறேன். கேட்லாக்க கோயமுத்தூர்லயே குடுத்தர்றேனுங்க."

சித்ரகலா மறுபடி படத்தைத் திறந்தாள். சுவரைத்தான் சந்தேகப்பட்டாள். ஒளியைக் கூட்டினாள், குறைத்தாள். செங்கல்லை இன்னும் கறுப்பாக்கினாள், மறுபடி வெளுத்தாள். மத்தியானம் வரை அந்தச் சுவரை அவள் படுத்திய பாட்டுக்கு, வாயிருந்தால் அழுதிருக்கும். குழந்தை மட்டும் எங்கோ பகல் வெயிலில் நிற்பது போல, எதிலும் சேராமல் நின்றது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தான் துடைத்த தோள்கூடத் தெரியாது போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து வேலுமணி கூப்பிட்டான்.

"என்னம்மா, திங்கக்கெழம பஸ்ஸுல வர்றீங்ளா, வண்டியிலயா? சேரத் தொடச்சு வெக்கோணுமல்ல?"

"வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாதீங்கண்ணா. டீ-ஷர்ட்டு ஷேடு சாம்பிளோட அப்படியே சேருது. அப்பறமும் ஒட்டலைங்கறாங்க."

"சேருதா? எந்த லைட்டுல பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். லேபில் யார் எந்தத் துணியோடு வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி அது. அவளே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டிருக்கிறாள். ஆள் கிண்டலுக்குத்தான் கேட்டான். வேறு அர்த்தம் அவன் மனதில் இல்லவே இல்லை.

சித்ரகலா போனை வைத்தாள். எந்த லைட்? பகல் லைட்! நீல விளக்குக்குக் கீழே நிற்கிற குழந்தைக்கு லேப் பெட்டியின் பகல் வெளிச்சத்தை மாட்டிவிட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவள், வெளிச்சத்தைக் கறை என்று துடைத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே சிரிப்பும் வந்தது.

பழைய படத்தைத் திறந்து, ரோஜா எங்கெங்கே விழுந்திருந்தது என்று பார்த்தாள். விளக்கு குழந்தைக்குப் பின்னால், தலைக்கு மேலே. அதனால் உச்சி முடியிலும் காதோரத்திலும் இரண்டு தோளின் மேல்விளிம்பிலும் மட்டும் விழுந்து, முன்பக்கம் வருவதற்குள் தேய்ந்துபோயிருந்தது. நெஞ்சுப்பக்கம், படம் எடுக்க முன்னால் வைத்த விளக்கின் வெளிச்சம். அதே இடங்களில், அதே அளவுக்கு, நீலத்தை வைத்தாள். வெள்ளைத் துணியில் நன்றாக, கறுப்பு முடியில் மெல்லிய கோடாக, காதில் கொஞ்சமே கொஞ்சம். முன்பக்கப் பால்வெள்ளையைத் தொடவே இல்லை. குழந்தை சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. சித்ரகலாவுக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் சிவபிரகாஷ் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான். மகளைக் கீழே பேக்கரியில் பப்ஸோடு உட்காரவைத்துவிட்டு மேலே ஏறினான். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அவனுக்குள் இருந்த பனியன்காரன் விழித்துக்கொண்டான்.

"அய்யோ, தோள்ல நீலம் ஏறியிருக்குதுங்களே! சாயம் போவுதுன்னு பையர் சொல்லீருவானுங்க்கா. அத மட்டும் தொடச்சுருங்க."

நேற்றைய சித்ரகலா திரும்பி வந்து எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருந்தது அவளுக்கு. சரி என்று தலையாட்டிவிட்டால் அவன் சந்தோஷப்படுவான், மறுபடியும் ஒட்டாமல் போகும், கேட்லாக் கோயமுத்தூருக்குப் போகும்.

"தொடைக்க மாட்டேனுங்க தம்பி. கீழ வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பேக்கரியின் உட்சுவரில் நீலத்தில் ‘கேக்ஸ்’ என்று விளக்கெழுத்து எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, சுவரில் சாய்ந்து, வெள்ளை யூனிபாரத்தில் பூங்குழலி பப்ஸைப் பொக்கை வாயால் ஓரம் ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தோளிலும் நீலம். முன்பக்கம், சிந்திய மசாலாவைத் தவிர, வெள்ளை.

"பாப்பாளோட சட்ட சாயம் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள் சித்ரகலா.

சிவபிரகாஷ் மகளைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், திரும்ப மகளைப் பார்த்தான். பூங்குழலி அப்பாவின் செல்போனை வாங்கி, புதுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது நானுதான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு மறுபடி பப்ஸுக்குத் திரும்பினாள்.

"அப்படியே இருக்கட்டுமுங்க்கா. கேட்லாக்குக்கு மத்த படத்தையெல்லாம் நாளைக்கே அனுப்பறேன்" என்றான் சிவபிரகாஷ்.

திங்கட்கிழமை சித்ரகலா லேபுக்குப் போகத்தான் செய்தாள். பையில் ‘சிட்டு’ படத்தின் அச்சு இருந்தது. வேலுமணி அதை விளக்குப் பெட்டிக்குள் பகல் வெளிச்சத்தில் வைத்து, குனிந்து, தோளையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தான். குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்தான். ஒன்றும் அகப்படாமல் நிமிர்ந்தான்.

"முழுக் கேட்லாக்கா?"

"முழுக் கேட்லாக்குங்கண்ணா."

நாற்காலி அதே இடத்தில் இருந்தது. நிஜமாகவே துடைத்து வைத்திருந்தான். முதுகில் பூத்துண்டைத் துவைத்து மடித்துப் போட்டிருந்தான். ஒரு வருடமாகக் கிண்டல் செய்த ஆள், ஒரு வருடமாக அதில் யாரையும் உட்காரவிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப அந்தத் துண்ட எடுத்துட்டுப் போங்கம்மா" என்றான் வேலுமணி, பெட்டியின் விளக்கை அணைத்தபடி. "நாளைக்குப் புதுசா ஒரு புள்ள வருது. அதுக்கு உக்கார எடம் வேணுமல்ல?"

அவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.