சித்தி சொல்லாத பதில்

சித்தியின் புடவைக் கடையில் முன்பணம் என்று கை நீட்டும் பேச்சே கிடையாது. யாராவது ஒரு புடவையைப் பார்த்து மனசை விட்டுவிட்டுப் போனால், சித்தி மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்து அதன் மடிப்பில் செருகி, மேல்தட்டில் ஏற்றிவிடுவாள். பிறகு எப்பேர்ப்பட்ட மகாராணி வந்து கேட்டாலும் அது கீழே இறங்காது. ‘எடுத்து வெச்சிருக்கேன்’ என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ரசீது வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேர் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளிடம் வந்தார்கள்.

கடையின் இணையப் பக்கத்தை அவள் அக்கா மகளிடம் ஒப்படைத்திருந்தாள். கல்லூரியில் கணினி படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. உயரத்தைப் பார்த்து வீட்டில் சுண்டு என்பார்கள். பக்கத்துக்கு ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது செய்தி வந்து குவியும். இருக்கா, வேற நிறம் இருக்கா, பளபளப்பு தண்ணியில போகுமா என்று எல்லாம் ஒரே கேள்விகள். சித்தி ஒருவருக்குப் பதில் தட்டி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். “எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, ஏதாவது பண்ணு” என்று சித்தி சொன்னதைச் சுண்டு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

செய்திகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் ஒரு நிரலை எழுதினாள். வேலையில் குறை சொல்ல முடியாது. பக்கத்துக்குச் செய்தி வந்தால், அது இருக்கும் சமூக வலைத்தளம் உடனே சுண்டுவின் நிரலுக்குத் தகவல் அனுப்பும். கிடைத்தது என்று நிரல் சட்டென்று சொல்லாவிட்டால் அதே செய்தியை மறுபடியும் அனுப்பும். அதனால் ஒவ்வொரு செய்தியின் எண்ணையும் குறித்துவைத்து, ஒருவருக்கு இரண்டு பதில் போகாமல் பார்த்துக்கொண்டாள். பக்கம் அனுப்புகிற பதிலும் ஒரு செய்தியாகத் திரும்பி வரும் என்பது அவளுக்கு முதலில் தெரியாது. சோதனையின்போது நிரல் தனக்குத்தானே வணக்கம் சொல்லி, தானே நலம் விசாரித்து, முப்பது தடவை பேசித் தீர்த்தது. சிரித்து முடித்த பிறகு அதையும் அடைத்தாள்.

கேள்வி வந்ததும் நிரல் சித்தி கணினியில் வைத்திருக்கும் சரக்கு விரிதாளைப் படிக்கும். அந்த வரிசைகளையும் கேள்வியையும் சேர்த்து மனிதர் போலவே எழுதும் செயற்கை நுண்ணறிவான ஒரு மொழி மாதிரிக்கு அனுப்பும். அது எழுதித் தருவது பக்கத்தின் பெயரில் போய்ச் சேரும். நீதான் கடைக்காரம்மா, அவர் மாதிரியே பேசு என்று மாதிரிக்குக் கட்டளை எழுதி, சித்தியின் பழைய பதில்கள் நாற்பதையும் சுண்டு உடன் சேர்த்திருந்தாள். எல்லோருக்கும் பதில் சொல்லத் தளம் அனுமதி தரும்வரை சோதனைக் கணக்குகளுக்கு மட்டும்தான் பதில் போகும். அந்த அனுமதி வர மூன்று வாரம் ஆனது. அது வந்த அன்று மதியம், கடையின் பின்னறையில் புடவைப் பெட்டிகளுக்கு நடுவே மடிக்கணினியோடு உட்கார்ந்து, நிரலை ஓடவிட்டாள்.

இருபது நிமிஷத்தில் முதல் செய்தி வந்தது. “அக்கா, மயில்கழுத்து நிறத்துல கடுகு கலர் கரை போட்ட பருத்திப் புடவை இன்னும் இருக்கா? எங்க அம்மாகிட்ட இதே நிறத்துல ஒண்ணு இருந்துச்சு. அவங்க போய் ஒரு வருஷம் ஆகுது.”

ஆறு நொடி. பிறகு பதில் போனது. “இருக்கு கண்ணு, ஒண்ணே ஒண்ணு. அம்மா நிறம்னு நீ சொன்னதும் எனக்கு மனசு என்னமோ பண்ணிடுச்சு. உனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன், பதறாம வா.”

சுண்டுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணு என்ற விளிகூட அப்படியே சித்தி. அந்தப் பெண்ணும் உடனே எழுதினாள்: “நீங்க சொன்னா போதும்க்கா. ரெண்டு பஸ் மாறணும், அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்.”

சொன்னபடி எடுத்து வைப்போம் என்று சுண்டு துள்ளிக்கொண்டு கடைக்குள் போனாள். மயில்கழுத்துப் புடவை அடுக்கில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மேல்தட்டில் இருந்தது, மடிப்பில் மஞ்சள் சீட்டோடு. பக்கத்து மருத்துவமனைச் செவிலியர் ஒருவருக்காக சித்தி பத்து நாளாகக் காத்துவைத்திருப்பது அது.

பின்னறைக்கு ஓடி விரிதாளைத் திறந்தாள். புடவைக்கு நேரே எண்ணிக்கை ஒன்று என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வரிசை முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. சீட்டு செருகுகிற பழக்கத்தில் சித்தி விரிதாளிலும் வண்ணத்தைச் செருகியிருக்கிறாள். சுண்டுவின் நிரல் கட்டங்களில் உள்ள எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் வாங்கும். வண்ணம் அதற்கு வந்தே சேராது. அது போகட்டும், ‘எடுத்து வெச்சிருக்கேன்’ எங்கிருந்து வந்தது? அந்த நாற்பது பதில்களைப் புரட்டினாள். இருபத்தாறில் சித்தி அதையே சொல்லியிருந்தாள். எட்டி எடுக்கக் கையில்லாத ஒன்று, அவள் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டது.

நிரலை நிறுத்தினாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, வர வேண்டாம் என்று தன் கையால் ஒரு செய்தி அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது, அந்தப் பெண் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியிருப்பாள். மூன்றே கால், மூன்றரை, நான்கு. திட்டு வாங்குவது பற்றிக்கூட அவளுக்குக் கவலையில்லை. இத்தனை வருஷமாகப் பொய்க்காத ஒரு வார்த்தையைத் தான் ஆறு நொடியில் பொய்யாக்கிவிட்டோமே என்றுதான் பயந்தாள்.

சித்தியிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பதிலை இரண்டு தடவை படித்தாள்.

“நான் பேசுற மாதிரியேதான் இருக்கு,” என்றாள். “ஆனா நான் பேசலையே.”

செவிலியரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றாள் சுண்டு.

“கேட்டா விட்டுக்குடுத்துடுவாங்க. அதனாலதான் கேக்க மாட்டேன். அந்தப் பொண்ணு வந்ததும் நீயே சொல்லு. ஒண்ணையும் மறைக்காத.”

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். தோளில் அலுவலகப் பை, நெற்றியில் வியர்வை, வாய் நிறையச் சிரிப்பு. நேராகச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதிலைப் படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் அழுததாகச் சொன்னாள். சுண்டு முன்னால் வந்தாள். புடவை வேறொருவருக்குச் சொன்னது என்பதில் ஆரம்பித்து, அந்தப் பதிலை எழுதியது யார் என்பதுவரை திக்கித்திணறிச் சொல்லி முடித்தாள்.

புடவை இல்லை என்றதற்கு அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். பதிலை எழுதியது நிரல் என்றதற்குத்தான் முகம் விழுந்தது.

“மனசு என்னமோ பண்ணிடுச்சுன்னு போட்டிருந்தீங்களே அக்கா. அதுவும் நீங்க இல்லையா?”

சித்தி இல்லை என்று தலையசைத்தாள். வேறு புடவை பார்க்கச் சொன்னாள், ஒரு வாய்த் தண்ணீராவது குடிக்கச் சொன்னாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று அவள் படியிறங்கிவிட்டாள்.

மறுநாளே சுண்டு நிரலைத் திருத்தினாள். விரிதாளில் ‘யாருக்கு’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் பெயர் எழுதச் சித்திக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதைவிட முக்கியமாக, இனி எந்தப் பதிலும் தானாகப் போகாது; வரைவாக வந்து நிற்கும், சித்தி படித்து அழுத்தினால்தான் போகும். எல்லாவற்றையும் இரண்டு முறை சோதித்தாள். மனசு கொஞ்சம் அடங்கியது.

மாலையில் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அதே பெண்.

“அக்கா, இப்ப இதைப் படிக்கிறது நீங்கதானா?”

சுண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே வரைவு தயாராகி வந்து நின்றது.

“ஆமா கண்ணு, நான்தான். சொல்லு.”

அவள் அதை அழித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் நின்றாலும் பரவாயில்லை என்று, சித்தியிடம் ஓடினாள்.