சாருக்கு மார்க் போட்ட ஜெகதாம்பாள்

கேளம்பாக்கத்தில் ஒரு சர்வதேசப் பள்ளியின் சரித்திர ஆசிரியர் சதாசிவம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மேல் போட்ட வெர்சாய் ஒப்பந்தம் அவருக்கு விரல் நுனியில். முன்பிருந்த பள்ளியில் அவர் நோட்ஸை உருப்போட்ட பிள்ளைகள் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை. அந்தத் தெம்பில்தான் இங்கே வந்தார். 2004 ஜூனில் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதிய ஐந்து பேரும் 'டி' வாங்க, மனிதர் ஆடிப்போனார்.

அந்த ஐவரில் ஷபானா, அவர் நோட்ஸை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிக்கிறவள். நவம்பரில் மறுபடி எழுதி மேலே வந்தால்தான் அடுத்த வகுப்பில் சரித்திரம் எடுக்கலாம். 'எல்லாம் எழுதினேனே சார்' என்றதோடு நிறுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் தாள் திருத்தியவர்களின் அறிக்கை வந்தது. வீடு திரும்பும் செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்து படித்தார். பலர் தெரிந்ததையெல்லாம் கொட்டுகிறார்கள், கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, மனப்பாடம் செய்த விடைகள் மேலே போவதில்லை என்றிருந்தது. எங்கோ உட்கார்ந்து எழுதியவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று பட்டது. ஊர் வருவதற்குள் அதை மூன்று முறை படித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாளோடு கடிகாரம் வைத்துத் தானே எழுதினார். ஜெர்மனியை அந்த ஒப்பந்தம் எந்த அளவுக்கு நியாயமாக நடத்தியது என்பது கேள்வி. எழுதியதையும், விடையின் தரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கும் மதிப்பெண் திட்டத்தையும் மனைவி ஜெகதாம்பாளிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் குமாஸ்தா அவள். சரித்திரம் தெரியாது, ஆனால் கேட்டதற்குப் பதில் வராத காகிதத்தை லேசில் விடமாட்டாள்.

"இன்னாங்க, நியாயமானு கேட்டுகீறான். நீங்க இன்னா இன்னா புடுங்கிகினாங்கன்னு பட்டியல் போட்டுகினு போறீங்க. நியாயமா இல்லியா, அத்த எங்க சொல்லிகீறீங்க?"

தகவல் எல்லாம் சரிதானே என்று மல்லுக்கு நின்றார். காரணத்தைச் சொன்னால் போதாது, விளக்க வேண்டும் என்று திட்டத்திலேயே இருப்பதைக் காட்டி, ஐந்தில் இரண்டாம் படி என்று சிவப்பு மையில் போட்டாள். சாப்பாட்டு வேளை முழுக்க அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எது நியாயம், எது அநியாயம் என்று இரண்டு தரப்பையும் விளக்கி எழுதினார். நாலாம் படி. இதில் எது கனம் என்று கேட்டாள். அவர் யோசித்தார். ஜெர்மனியே முந்தின வருஷம் ரஷ்யாவின் மேல் இதைவிடக் கடுமையான ஒப்பந்தத்தைத் திணித்ததுதான். அதனால் நிபந்தனைகளைவிட, பேச்சுக்கே கூப்பிடாமல் கையெழுத்து வாங்கிய முறைதான் பெரிய அநியாயம் என்று முடித்தார். ஜெகதாம்பாள் நிதானமாகப் படித்து, ஐந்து என்று போட்டாள். அவர் மூன்று தாளையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் மூன்று விடைகளையும் வகுப்பில் விரித்து, உங்களுக்கு மார்க் குறைந்ததற்கு என் நோட்ஸ்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். சாருக்கு இரண்டாம் படியா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் வாராவாரம் அவர்களே பழைய கேள்விகளுக்கு எழுதி, ஒருவர் தாளை ஒருவர் திருத்தினார்கள். தீராத சண்டைகள் மட்டும் செங்கல்பட்டில் ஜெகதாம்பாளிடம் போய், சிவப்பு மையோடு திரும்பின.

ஜனவரியில் முடிவு வந்தது. ஷபானாவுக்கு 'ஏ'. அவள் இனிப்புப் பெட்டியோடு செங்கல்பட்டு வரை வந்து, கதவைத் திறந்த சதாசிவத்திடம் கேட்டாள்: "சார், சாருக்கு ரெண்டாம் படி போட்ட மேடம் இருக்காங்களா?"

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.