ஒரே போன் நம்பரில் மூன்று வீடு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். உத்திரமேரூர் விதைக்கடையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியும் தப்பு செய்துவிடுவேனோ என்ற பயம் போகவில்லை. கடை ஷட்டரைப் பூட்டிவிட்டு, பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

ஒரு காலையில் முதலாளிக்கு விதை கம்பெனியிலிருந்து போன். நாங்கள் விற்ற விதை நெல்லில் ஒரு லாட், அதாவது ஒரே எண் போட்டு வந்த பைகள், முளைக்கவில்லையாம். திரும்ப வாங்கச் சொன்னார்கள். அந்த லாட் ஐந்து மாதமாக விற்றுப் போயிருந்தது. மாதத்துக்கு ஒரு எக்செல் ஆர்டர் ஷீட்.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் சொல்லிடணும்மா. நாத்து வுட்டுட்டாங்கன்னா போகமே போச்சு," என்றார் முதலாளி.

எக்செல்லுக்குள்ளேயே இருக்கும், யூடியூப் பார்த்துக் கற்ற பவர் குவெரியைத் திறந்தேன். ஐந்து ஷீட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஒரே அட்டவணையாக்கினேன். ஊர்ப் பெயர்களின் முன்னும் பின்னும் கிடந்த வெற்று இடங்களை 'டிரிம்' எடுத்துவிட்டது. லாட் எண்ணால் வடிகட்டினேன். நாற்பத்தாறு வரி. சிலர் இரண்டு மாதம் வாங்கியிருந்தார்கள். ஒரே ஆளை இரண்டு முறை கூப்பிட்டால் திட்டுவார்களே என்று அதற்கும் கவலை. போன் நம்பர் பத்தியைத் தேர்ந்து 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அழுத்தினேன்; ஒரே நம்பர் மறுபடி வந்த வரிகள் போயின. முப்பத்தொன்பது. எல்லோரிடமும் பேசினேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துத் திருப்புலிவனத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். குத்தகை நிலத்தில் தனியாகப் பயிர் வைப்பவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஊறிக் கறுத்த நெல்லை மேசையில் கொட்டினார்.

"பக்கத்து வூட்டுக்காரன் பைய திருப்பிக் குட்த்துட்டானாம். நேத்துதான் சொல்றான். எனக்கு இன்னாத்துக்கு சொல்லல?"

"உங்க நம்பர் என்னம்மா?"

"எங்கிட்ட ஏது போனு? அவன் நம்பரத்தான நீயே எய்திக்கின?"

ஆமாம். போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு நம்பரை நான்தான் எழுதுவேன்.

பவர் குவெரியைத் திறந்து, செய்த படிகளைக் காட்டும் வலப்பக்கப் பட்டியலில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' படியின் எதிரே இருந்த எக்ஸை அழுத்தினேன். ஏழு வரிகளும் திரும்பி வந்தன. ஐந்து வரி இரண்டு மாதம் வாங்கியவர்களுடையவை. மற்ற இரண்டும் வேறு வீடுகள், அதே பக்கத்து வீட்டு நம்பர். ஒன்று இந்த அம்மா.

முதலாளி புதுப் பை ஒன்றை எடுத்து வைத்தார்.

"இத்த இப்ப வெச்சிக்கினு இன்னா பண்றது? நான் மறுபடி நாத்து வுட்டு நடறதுக்குள்ள ஏரில தண்ணி நிக்குமா, நீயே சொல்லு."

அவர் பையைத் தொடவில்லை.

அவர் படியிறங்கும்போது, மீதியிருந்த அந்த ஒரு வீட்டுக்காக அதே பக்கத்து வீட்டு நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் மணி அடித்தது. எடுத்த மனிதர், "அவங்களா? ஒரு வாரமாச்சே வெதச்சி," என்றார்.