வலப்பக்கம் இறங்கிய குழாய்

கழற்றாத சிலுவை

“அதையும் கழற்றணும்மா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே எடுக்கிறவனுக்குப் படம் எடுப்பது பாதி வேலை. உடம்பில் இருப்பதைக் கழற்ற வைப்பது மீதி வேலை. ராயப்பன்பட்டியிலிருந்து சளிக்காக வந்திருந்த அந்த அம்மாள், கழுத்துச் சிலுவையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, கழற்றியாயிற்று என்று தலையாட்டினார். படத்தில் அது நெஞ்சுக்கு நடுவில் நேராக விழுந்திருந்தது.

முன்னால் தொங்குகிறதா, பின்னால் கிடக்கிறதா, உள்ளே போய்விட்டதா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த நிழல்தான். மறுபடி எடுக்கவேண்டும் என்று திரையைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உள்ளயே இருக்குற மாதிரில்ல தெரியுது. இருந்துட்டுப் போகட்டும் தம்பி.”

சத்தம் கேட்டது

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் எனக்கு. உங்களில் இரவு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், விடியப்போகும் நேரத்தில் கண் பார்ப்பதை மூளை உடனே ஒப்புக்கொள்ளாது. அப்படி ஒரு நேரத்தில்தான் ஐசியூவிலிருந்து கூப்பிட்டார்கள். கோம்பை ஊர்க்காரர் ஒருவர், பக்கவாதம். விழுங்க முடியாததால் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கவேண்டும்.

போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரும் நானுமாக அவரைத் தூக்கி, முதுகுக்குக் கீழே படம் பதியும் கேசட் தட்டை நுழைத்தோம். ஒரு பக்கமாகவே சரிந்தார். மகள் ஈஸ்வரி வெளியே பால் பிளாஸ்க்கோடு நின்றாள். அவர் முந்தின நாள் காலையில் சாப்பிட்டதுதான் என்றாள். ஐந்து ஏக்கர் திராட்சைத் தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்த மனிதராம்; பசி தாங்கமாட்டாராம்.

ஊசிக்குழலால் குழாய்க்குள் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டேன் என்றார் சிஸ்டர். உறிஞ்சிப் பார்த்தபோது இரைப்பை நீர் எதுவும் வரவில்லை. ஆனால் சத்தம் கேட்டதாம். நோயாளி இருமவுமில்லை, ஆக்சிஜன் அளவு இறங்கவுமில்லை.

“கொர்ருன்னு நல்லாவே கேட்டுச்சு தம்பி. படம் சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.”

யாருடைய வலம்

எக்ஸ்ரே அறைக்குத் திரும்பி, திரையில் படம் வந்ததும் எனக்குக் குழம்பிவிட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே ஈசிஜி வயர்கள், ஆக்சிஜன் குழாய், எல்லாம் கோடு கோடாகக் கிடந்தன. கழுத்திலிருந்து இறங்கிய ஒரு கோடு மட்டும், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளையோடு திரும்பி இறங்கியது. இரைப்பைக்குப் போகிற குழாய் அந்தப் பிரிவை நேராகக் கடந்து, உதரவிதானத்தைத் தாண்டிய பிறகுதான் இடப்பக்கம் வளையும்.

ஆனால் இதன் நுனியும் உதரவிதானத்தின் வளைவுக்குக் கீழேதானே தெரிகிறது? கீழே என்றால் வயிறுதானே? இல்லை, வலதென்று அடையாளம் காட்டும் ‘ஆர்’ எழுத்தை நானே மாற்றி ஒட்டிவிட்டேனா? இதயத்தின் நிழலும் இரைப்பைக் காற்றும் இடப்பக்கம் இருந்தன, எழுத்து சரிதான். அப்படியானால் அது மேலே கிடக்கும் வயரா? வயர் என்றால் நுனியில் ஒட்டுப்பொத்தான் தெரியவேண்டும். இந்தக் கோட்டின் நுனியில் வரிசையாகச் சிறு உலோக மணிகள் தெரிந்தன. மூக்குக் குழாயின் நுனியில்தான் அவை இருக்கும்.

டூட்டி டாக்டர் பானு கீழே பைக் விபத்தில் வந்தவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ போனை அவர் காதருகே பிடித்தார்கள். குழாய் வலப்பக்கம் போன மாதிரி இருக்கிறது, ஆனால் நுனி கீழேதான் இருக்கிறது, வயராகவும் இருக்கலாம் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

“உங்க வலமா, அவர் வலமா? முதல்ல அதச் சொல்லுங்க.”

படம் எடுத்தாச்சு

அவருடைய வலம் என்றேன். டாக்டர் வருவதாகச் சொன்னார். வயர்களை விலக்கிவிட்டு இன்னொரு படம் எடுக்கலாம் என்று நான் ஐசியூவுக்குத் திரும்பினேன். அங்கே ஈஸ்வரி உள்ளே வந்து, குழாயின் வாயில் ஊசிக்குழலைச் செருகி, பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள். சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் கூத்து. எக்ஸ்ரேவுக்குப் பிறகு பால் கொடுக்கலாம் என்பது உத்தரவு, எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. எடுத்த படத்தை ஒருவர் பார்க்கவும் வேண்டும் என்பது மட்டும் எங்கோ விடுபட்டிருந்தது. நான் ஊசிக்குழலின் மேல்வாயைக் கையால் மூடினேன். ஈஸ்வரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏன், என்ன ஆச்சு?”

“டாக்டர் வரட்டும்மா.”

“எடுத்த படத்துல என்ன தெரிஞ்சுச்சு?”

அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. சொல்லவும் தெரியவில்லை. நான் நினைத்தது தப்பென்றால் பசியோடு கிடக்கிறவரின் பாலைத் தடுத்தவன் ஆவேன். சரியென்றால் அந்தப் பால் நேரே நுரையீரலுக்குள் போகும். கையை எடுக்காமல் நின்றேன்.

“டாக்டரு சொன்னாக, நர்ஸம்மா சொன்னாக. படம் புடிக்கிறவுக வந்து வேண்டாங்குறீக. நான் யாரு பேச்சக் கேக்க?”

எந்த வழியாக

டாக்டர் பானு கையுறையைக் கழற்றியபடியே வந்து, குழாயை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, என்னோடு எக்ஸ்ரே அறைக்கு வந்தார். முதலில் அவரும் நுனியைப் பார்த்து, “கீழதான இருக்கு?” என்றார். பிறகு கழுத்திலிருந்து விரலை வைத்துக் கோட்டோடு மெல்ல இறங்கினார். பிரியும் இடத்தில் விரல் வலப்பக்கம் திரும்பியது.

நுரையீரலின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேட்டுக்குப் பின்னால் இன்னும் கீழே இறங்கியிருக்கும். முன்னாலிருந்து படம் எடுத்தால் அங்கே இருக்கும் நுனி வயிற்றுக்குள் இருப்பதுபோல் விழும் என்றார். நுரையீரலில் காற்றடித்தாலும் சத்தம் வயிறு வரை கேட்குமாம். பக்கவாதத்தில் இருமும் உணர்ச்சி குறைந்துவிட்டதால் அவர் இருமவில்லை. நுரையீரல் ஓட்டையாகியிருக்கிறதா என்று ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். இல்லை.

ஸ்டெல்லா சிஸ்டர் புதுக்குழாய் எடுத்துவந்தார். டாக்டர் பழையதை மடித்துப் பிடித்து உருவினார். நோயாளியின் தலையை முன்னால் குனியவைத்து, மோவாய் நெஞ்சில் படும்படி பிடித்துக்கொண்டு, புதியதை மெதுவாகச் செலுத்தினார்கள். மறுபடியும் கேசட், மறுபடியும் படம். இம்முறை கோடு நடுவாக இறங்கி, பிரிவைக் கடந்து, இடப்பக்கம் வளைந்து இரைப்பைக் காற்றுக்குள் முடிந்தது.

“இன்னிக்குத் தப்பிச்சோம். இனிமே எக்ஸ்ரேவுக்கு அப்புறம்னு எழுத மாட்டேன், நான் பாத்ததுக்கு அப்புறம்னு எழுதுறேன்.”

பால்

பார்த்ததைச் சொல்லலாம், பார்த்தது என்னவென்று சொல்லக்கூடாது என்பதுதான் கடைசியில் எங்கள் உத்தியோகம்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு பால். “அழுத்தாதீங்க, அதுவா இறங்கட்டும்” என்றார் சிஸ்டர். ஈஸ்வரி ஊசிக்குழலை உயரப் பிடித்துக்கொண்டு, பால் அளவுக்கோடுகளைத் தாண்டி இறங்குவதையே பார்த்திருந்தாள். அப்பாவின் தொண்டை அசையவில்லை. ஒவ்வொரு கோடு இறங்கும்போதும் அவள் எச்சில் விழுங்கினாள்.