டைலரக்காவும் தம்பி திறந்த கணக்குகளும்

தம்பி கைப்பேசியை நீட்டி, "அக்கா, கொஞ்சம் சிரி" என்றபோது டைலரக்காவின் உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் வரிசையாக இருந்தன. எதிரே ஒரு பெண்ணின் கோட்டு, தோள்பட்டையைப் பிரித்துப் போட்டபடி மேசையில் கிடந்தது. சிரித்தால் ஊசி குத்தும். சிரிக்காவிட்டால் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஊசிகளைத் துப்பிவிட்டு, பல்வலிக்காரி மாதிரி ஒரு சிரிப்பு சிரித்து வைத்தாள்.

அவள் புதுத் துணி தைப்பவள் அல்ல. பழசைச் சரிசெய்வாள். பெருத்தவருக்குத் தையலை விட்டுக் கொடுப்பாள், இளைத்தவருக்குப் பிடித்துக் கொடுப்பாள், கிழிந்த இடத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடுவாள். பெரிய சாலையில் இருந்த கடைக்கு வாடகை ஏறிப்போனதால், தையல் மிஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்சந்தில் ஓர் ஒற்றை அறைக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஆள் வரத்து அற்றுப்போனது.

தம்பி விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். "நீ எல்லா இடத்துலயும் இருக்கணும்க்கா. கண்ணுல பட்டாதான் வருவாங்க" என்று சொல்லி, ஒரே மாலையில் அக்காவை ஊர் முழுக்கக் குடி வைத்துவிட்டான். குட்டி வீடியோ போடும் தளம், புகைப்படப் பக்கம், தொழில் செய்வோர் கூடும் வலைத்தளம், வாடிக்கையாளரைப் பிடித்துத் தரும் ஆப் என்று வகைக்கொன்றாகக் கணக்குத் திறந்தான். ஒவ்வொன்றுக்கும் தினமும் தீனி போட வேண்டும். காலையில் கடை திறந்து மிஷினில் கை வைப்பதற்குள் பாதிப் பொழுது கைப்பேசியிலேயே கரைந்தது.

முதலில் குமட்டியது வீடியோ. அவள் குனிந்து கோட்டுக்கு ஊசி குத்தும் காட்சியை எவ்வளவோ பேர் பார்த்துவிட்டார்களாம். தம்பி துள்ளிக் குதித்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த கருத்துகளைப் படித்தாள். ஒருவன், 'எனக்கும் அளவு எடுப்பியா' என்று கேட்டிருந்தான். இன்னொருவன் அவள் குனிந்ததைப் பற்றி எழுதியிருந்தான். மூன்றாமவன் எழுதியதைப் படித்ததும் சாக்கடையில் கால் வைத்த மாதிரி கைப்பேசியைத் தள்ளி வைத்தாள்.

"அதையெல்லாம் கண்டுக்காத. எத்தனை பேர் பார்த்தாங்கன்னு பாரு."

"பார்த்தவன்ல ஒருத்தனாவது ஒரு பேன்ட்டைக் கொண்டுவந்து குடுத்தானாடா?"

"அவங்கல்லாம் வேற வேற ஊருக்கா."

"அளவெடுக்க வேற ஊர்லருந்து வருவானா?"

தம்பி திரையைத் தேய்த்தான்.

தொழில் வலைத்தளம் வேறு வகைக் கூத்து. அங்கே எல்லோரும் தங்கள் முதுகைத் தாங்களே தட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவனும் 'இந்தப் பயணம் எனக்குக் கற்றுக்கொடுத்தது' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். மொத்தமாகச் சீருடை தைக்கிறவளாக இருந்தால் அங்கே உட்கார்ந்து கம்பெனிக்காரர்களைத் தேடலாம். ஒற்றை ஆளாகக் கால்சட்டை அடி மடிப்பவளுக்கு அங்கே என்ன வேலை? அவளுக்கு வந்த செய்திகள் எல்லாம், தொழிலை வளர்க்கக் கற்றுத்தருகிறேன், பணம் கட்டு என்று கேட்டவர்களிடமிருந்துதான்.

ஆனாலும் அவளை உண்மையிலேயே உலுக்கியது ஆள் பிடித்துத் தரும் ஆப்தான். 'உடை திருத்தம் தேவை' என்று யாராவது பதிந்தால் மணி அடிக்கும். முன்கூட்டிக் கட்டிய பணத்திலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டு அவர்களுடைய எண்ணைக் கொடுக்கும். அன்று மணி அடித்த வேகத்தில் கத்தரியைப் போட்டுவிட்டு அழைத்தாள்.

"வணக்கம்மா, டைலர் பேசுறேன். துணி சரிபண்ணணும்னு போட்டிருந்தீங்க..."

மறுமுனையில் ஒரு பெண் வெடித்தாள். "போதும் நிறுத்துங்க! ஒரு பொத்தானை அமுக்கினது குத்தமா? காலையில இருந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தரா அடிச்சுக்கிட்டே இருக்கீங்க. எங்கம்மாவோட ஆஸ்பத்திரில இருக்கேன். டாக்டர் போன் பண்ணுவார்னு ஒவ்வொரு தடவையும் எடுக்குறேன், எடுத்தா டைலர். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

"மன்னிச்சிடுங்கம்மா" என்று டைலரக்கா சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் துண்டித்துவிட்டாள்.

ஒரே எண்ணைப் பல பேருக்கு விற்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆப் மீது வந்த அருவருப்பைவிடத் தன் மீது வந்ததுதான் அதிகம். திறந்த பாத்திரத்தில் ஈ மொய்க்குமே, அதில் தானும் ஓர் ஈயாகிப் பறந்து போய் உட்கார்ந்துவிட்டோமே என்று இருந்தது.

மாலையில் கதவை இடித்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். நடுத்தர வயது, வியர்த்துப்போன முகம், கையில் ஒரு பை, செருப்பில் ஈரம்.

"டைலரக்கா நீங்கதானே? ஏங்க, கடையை மாத்தினா மேப்ல மாத்த மாட்டீங்களா? அது சொன்ன இடத்துக்குப் போனா கோழிக்கடைங்க. ஒரே ரத்தமும் இறகுமா கிடக்கு. நான் பையைத் தூக்கிட்டு நிக்கிறேன், அந்த ஆளு 'உரிச்சுத் தரவா, வெட்டித் தரவா'ன்னு கேக்குறான்!"

டைலரக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னை எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"அந்தக் கோழிக்கடைக்காரர்தான் சொன்னார். இப்படித் தினமும் யாராவது வந்து நிக்கிறாங்களாம். கொஞ்ச பேருக்கு வழி சொல்லுவாராம், வியாபார நேரமா இருந்தா கடையே இல்லைன்னு விரட்டிடுவாராம்."

அந்தப் பெண் கொடுத்த கவுனுக்கு அளவு எடுத்து அனுப்பிவிட்டு, கைப்பேசியில் மேப்பைத் திறந்தாள். அதில் அவள் கடை இன்னும் பெரிய சாலையிலேயே இருந்தது. என்றோ ஒரு வாடிக்கையாளர் எடுத்த படம், 'தையல் சுத்தம், சொன்ன தேதிக்குக் கிடைக்கும்' என்று யாரோ எழுதியது, தூக்கிப்போட்ட பழைய எண், எல்லாம் அப்படியே. 'பக்கத்தில் டைலர்' என்று தேடியவர்கள், அதாவது கையில் கிழிந்த துணியோடு இதே ஊரில் நிற்பவர்கள், அத்தனை பேரும் கோழிக்கடைக்குப் போயிருக்கிறார்கள். அவளோ அந்த நேரமெல்லாம் ஊசியைத் துப்பிவிட்டு, ஊர் பேர் தெரியாதவனுக்குச் சிரித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தம்பியை வரச் சொன்னாள்.

"மேப்பா? அது இலவசம்க்கா, அதுல என்ன இருக்கு? யாரும் அதைப் போய்..." என்று இழுத்தான்.

"இத்தனை கணக்குத் திறந்தியே, வர்றவன் எந்த வாசல் வழியா வர்றான்னு ஒரு தடவை கேட்டியா? நானும் கேக்கல. என் புத்தியைச் சொல்லணும். முதல்ல அந்த வீடியோவை அழி."

"அக்கா, இவ்வளவு பேர் பார்த்தது..."

"அழிடா!"

முகம் சிவந்து அழித்தான். ஆப் கணக்கை மூடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. 'ஏன் போகிறீர்கள்' என்று பக்கத்துக்குப் பக்கம் கெஞ்சியது. மீதிப் பணம் திரும்பாது என்றது. "தொலையட்டும்" என்றாள். தொழில் வலைத்தளத்தையும் மூடினாள். புகைப்படப் பக்கத்தை மட்டும், பிரித்த துணிக்கும் முடித்த துணிக்கும் வித்தியாசம் காட்ட உதவும் என்று, தினமும் தீனி போடாமல் அப்படியே விட்டுவைத்தாள்.

மேப்பில் முகவரியை மாற்றியதும், கடை அவளுடையதுதானா என்று நிரூபிக்க வீடியோ கேட்டது. தம்பி உம்மென்று சந்தின் பெயர்ப்பலகையில் தொடங்கி, கடைப் பலகை, அவள் சாவி போட்டுக் கதவைத் திறப்பது, உள்ளே மிஷின் என்று எடுத்து அனுப்பினான். இந்த முறை யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. சில நாள் கழித்து மேப்பிலும் கடை பின்சந்துக்கு இடம் மாறியது. வாட்ஸ்அப்பில் திறக்கும் நேரத்தைப் போட்டு, கடை பூட்டிய பிறகு வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி வைத்தாள். அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களிடம், "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று மட்டும் மறக்காமல் கேட்டாள். பாதிப் பேர் மேப் என்றார்கள். மீதிப் பேர், ஆபீசில் யாரோ எண்ணை அனுப்பினார்கள் என்றார்கள். வீடியோ என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த ஆப் கம்பெனியிலிருந்து புதுப் புது எண்களில் அழைப்பு வருவது நிற்கவேயில்லை. "மேடம், உங்களுக்கு ஒரு சிறப்புத் திட்டம்" என்ற தேன் ஒழுகும் குரலைக் கேட்டாலே அவள் உதடு கோணிக்கொள்ளும்.

தம்பி கொஞ்ச காலம் கடைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் மெல்ல வந்து, இடுப்பு இறுக்குகிறது என்று ஒரு கால்சட்டையை மேசையில் வைத்தான்.

"நீ எந்த வழியா வந்த?" என்றாள்.

"போக்கா" என்று உட்கார்ந்தான். அவள் தையலைப் பிரித்துத் துணியை விட்டுக்கொடுக்கத் தொடங்கினாள்.